‘தப்பு’ என்ற ஒரு சொல்

கோலாலம்பூரில் சட்டம் பயிலும் மாணவி ஒருவர், களப்பயிற்சிக்காக மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திற்குச் சென்ற முதல் நாளன்று எழுதிய நாட்குறிப்பு இது. இதனை வாசித்து, இறுதியில் உள்ள கேள்விகளுக்கு விடை காண்க.

திங்கட்கிழமை, இரவு மணி 9.30

என்னுடைய மூன்று வாரக் களப்பயிற்சி இன்று தொடங்கியது. என்னை வழிநடத்துபவர் ஒரு மூத்த பெண் வழக்கறிஞர். நான் அவரை ‘மேடம்’ என்றே அழைக்கிறேன். இன்று அவருக்குத் தேசியச் சட்ட உதவி அறவாரியத்தின் சார்பில் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் ஒன்றில் பணி. வழக்கறிஞரை அமர்த்த வசதியில்லாத மலேசியக் குடிமக்களுக்குக் குற்றவியல் வழக்குகளில் கட்டணமின்றி உதவுவதற்காக இந்த அறவாரியம் 2012ஆம் ஆண்டு முதல் செயல்பட்டு வருகிறது. யாருக்காகப் பேசப்போகிறோம் என்பது அந்த வழக்கறிஞர்களுக்கு நீதிமன்றத்திற்குள் நுழைந்த பின்னர்தான் பெரும்பாலும் தெரியவரும்.

காலை மணி 8.30க்கே நீதிமன்ற வளாகத்தின் நடைவழி நிரம்பிவிட்டது. கைக்குழந்தையோடு ஒரு பெண், கோப்புகளைச் சுமந்தபடி காவல் துறை அதிகாரிகள், கைப்பேசியில் மெல்லிய குரலில் பேசும் வழக்கறிஞர்கள், எங்கே நிற்பது என்று தெரியாமல் தவிக்கும் பெற்றோர் எனப் பலரையும் பார்த்தேன். கதவருகே அன்றைய வழக்குகளின் பட்டியல் ஒட்டப்பட்டிருந்தது. எண்ணிப் பார்த்தேன். நாற்பதுக்கும் மேற்பட்ட வழக்குகள் இருந்தன. அத்தனையையும் ஒரே மாஜிஸ்திரேட்தான் கவனிக்க வேண்டும்.

மணி 9.00க்கு மாஜிஸ்திரேட் உள்ளே வந்தார். அனைவரும் எழுந்து தலைவணங்கினோம். அதன்பின் வழக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக அழைக்கப்பட்டன. தொலைக்காட்சி நாடகங்களில் வருவதுபோல் யாரும் மேசையைத் தட்டவில்லை, உரக்க வாதிடவுமில்லை. பெரும்பாலான வழக்குகள் இரண்டு மூன்று நிமிடங்களில் முடிந்தன. ஒன்றில் வேதியியல் அறிக்கை இன்னும் வந்து சேரவில்லை. மற்றொன்றில் குற்றம் சாட்டப்பட்டவர் வழக்கறிஞரை அமர்த்த அவகாசம் கேட்டார். இவ்வாறு நிலைமையைக் கேட்டறிந்து அடுத்த தேதியைக் குறிப்பதை ‘வழக்குக் குறிப்பீடு’ என்கிறார்கள். சாட்சிகளை விசாரிக்கும் முழு விசாரணை வேறொரு நாளில் நடைபெறும்.

குற்றம் சாட்டப்பட்டவர் நிற்கும் இடத்தை நாம் தமிழில் ‘குற்றவாளிக் கூண்டு’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். நாளிதழ்களிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். இன்று அந்த இடத்தை நேரில் பார்த்தபோது, அப்பெயர் பொருந்தாது என்று தோன்றியது. அங்கு நின்ற பலர் மீது குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. அவர்கள் குற்றம் சாட்டப்பட்டவர்கள் மட்டுமே. மலாய் மொழியில் அதனைக் ‘குற்றம் சாட்டப்பட்டவரின் கூண்டு’ என்றுதான் சொல்கிறார்கள். ஒரு சொல்லுக்கு இவ்வளவு எடை உண்டா என்று காலையில் யாராவது கேட்டிருந்தால் நான் சிரித்திருப்பேன். ஆனால் நண்பகலுக்குள் அதைவிடச் சிறிய ஒரு சொல்லில் ஒருவரின் எதிர்காலமே தொங்கி நின்றதைக் கண்டேன்.

அதைப் புரிந்துகொள்ள, குற்றச்சாட்டு வாசிக்கப்படும்போது என்ன நடக்கிறது என்பதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் குற்றச்சாட்டை வாசிப்பார். குற்றம் சாட்டப்பட்டவருக்கு மலாய் மொழி சரளமாக வராவிட்டால், அவருக்குப் புரியும் மொழியில் விளக்குவார். பிறகு, குற்றத்தை ஒப்புக்கொள்கிறாரா என்று கேட்கப்படும். ‘ஒப்புக்கொள்ளவில்லை, விசாரணை கோருகிறேன்’ என்றால் வழக்கு விசாரணைக்குச் செல்லும். ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்றால் சாட்சிகள் தேவையில்லை. அரசுத் தரப்பு வழக்கறிஞர் வழக்கின் விவரங்களை வாசிப்பார். அவற்றையும் குற்றம் சாட்டப்பட்டவர் ஏற்றுக்கொண்டால், தண்டனை விதிப்பதுதான் மிச்சம்.

ஆனால் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற சொல்லைக் கேட்டதும் மாஜிஸ்திரேட் அதை அப்படியே பதிவு செய்துவிட முடியாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆவது பிரிவு அவருக்கு ஒரு கடமையை விதிக்கிறது. தாம் ஒப்புக்கொள்வது என்ன குற்றம், அதனால் என்ன விளைவு ஏற்படும் என்பன அவருக்குப் புரிந்திருக்கின்றனவா என்று உறுதிப்படுத்த வேண்டும். மேலும், அவர் எவ்வித நிபந்தனையுமின்றி ஒப்புக்கொள்கிறாரா என்றும் பார்க்க வேண்டும். ‘ஆம், ஆனால்...’ என்று அவர் இழுத்தால், அந்த ‘ஆனால்’ எதைக் குறிக்கிறது என்று கவனிக்க வேண்டும்.

இன்று காலையில் இரண்டு ‘ஆனால்’களைக் கேட்டேன்.

முதலாவதைச் சொன்னவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். ஒரு பட்டறையின் வெளியே கிடந்த பழைய இரும்புத் துண்டுகளை எடுத்துச் சென்று விற்றதாக அவர்மீது குற்றச்சாட்டு. தண்டனைச் சட்டத்தின் 379ஆவது பிரிவு இத்தகைய திருட்டுக்கு ஏழு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டையும் விதிக்கிறது. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். விவரங்கள் வாசிக்கப்பட்டபோது, “ஆமாங்க, ஆனா வீட்டுல அரிசி வாங்கக்கூடக் காசு இல்லை” என்றார்.

மாஜிஸ்திரேட், “அந்த இரும்பு உங்களுடையது அல்ல என்று எடுக்கும்போதே தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரியுங்க.”

அந்த ஒப்புதல் ஏற்கப்பட்டது. அவர் சொன்ன வறுமை, திருடியதற்கான காரணம். திருடவில்லை என்பதற்கான மறுப்பு அன்று. அதனால் அது தண்டனையைக் குறைக்கச் சொல்லும் முறையீட்டில் இடம்பெற்றது. மேடம் அவருக்காக எழுந்து, அவர் இதற்குமுன் எந்தக் குற்றமும் செய்ததில்லை என்பதையும், முதல் நாளிலேயே ஒப்புக்கொண்டு நீதிமன்றத்தின் நேரத்தைச் சேமித்தார் என்பதையும் எடுத்துரைத்தார். 1,200 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது. கட்டத் தவறினால் ஒரு மாதச் சிறை. எல்லாம் பத்து நிமிடங்களில் முடிந்தது.

இரண்டாவது ‘ஆனால்’ இவ்வளவு எளிதாக இருக்கவில்லை.

அதைச் சொன்னவர் இருபத்து மூன்று வயது இளைஞர். லோரியில் கெலிண்டானாக, அதாவது ஓட்டுநருக்கு உதவியாளராக, வேலை செய்கிறார். விசாரணைக்காக மாஜிஸ்திரேட்டின் உத்தரவின்பேரில் இரண்டு இரவுகள் காவல் நிலையத் தடுப்பறையில் இருந்திருக்கிறார். வழக்கறிஞர் இல்லை. சாப்பாட்டுக் கடை ஒன்றில் மேசைமேல் இருந்த கைப்பேசியைத் திருடினார் என்பது அவர்மீதான குற்றச்சாட்டு. இதுவும் அதே 379ஆவது பிரிவுதான்.

மொழிபெயர்ப்பாளர் தமிழில் விளக்கிவிட்டு, குற்றத்தை ஒப்புக்கொள்கிறாரா என்று கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள்ளேயே, “ஒத்துக்கிறேங்க, தப்புத்தான்” என்று பதில் வந்தது.

மாஜிஸ்திரேட் எழுதத் தொடங்கவில்லை. “ஒப்புக்கொண்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

“அபராதம் கட்டிட்டு இன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம்லங்க?”

நீதிமன்றத்தில் யாரும் சிரிக்கவில்லை. இப்படி யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். அல்லது தடுப்பறையில் அவரே அப்படி நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். சட்டம் சிறைத்தண்டனைக்கும் இடமளிக்கிறது என்று மாஜிஸ்திரேட் நிதானமாக எடுத்துச் சொன்னார். இளைஞரின் முகம் மாறியது. ஆயினும், “பரவாயில்லைங்க, ஒத்துக்கிறேன்” என்றார்.

அரசுத் தரப்பு வழக்கறிஞர் விவரங்களை வாசித்தார். இரவு மணி 8.15 அளவில், கைப்பேசியின் உரிமையாளர் அதை மேசைமேல் வைத்துவிட்டுக் கை கழுவச் சென்றார். அந்த நீண்ட மேசையின் மறுமுனையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இளைஞர் எழுந்தார். கைப்பேசியை எடுத்துக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். கடையின் கண்காணிப்புக் கேமராவில் இது பதிவாகியிருக்கிறது. உரிமையாளர் துரத்திச் சென்று, பேருந்து நிறுத்தத்தின் அருகே அவரைப் பிடித்தார்.

“இந்த விவரங்கள் சரியா?” என்று கேட்கப்பட்டது.

“சரிங்க. நான்தான் எடுத்தேன். ஆனா அது என் கூட்டாளியோட போன்னு நினைச்சுத்தான் எடுத்தேன். அவன் அங்கதான் உட்கார்ந்திருந்தான். பஸ் வந்துடும்னு முன்னாடியே போயிட்டான். அவனோடதும் அதே மாதிரி கறுப்புப் போன்தான். குடுக்கலாம்னு எடுத்துட்டுப் போனேன். சரியாப் பாக்காம எடுத்தது தப்புத்தாங்க.”

மொழிபெயர்ப்பாளர் இதை ஒரு சொல்லும் விடாமல் மலாயில் சொன்னார். மாஜிஸ்திரேட் எழுதுகோலைக் கீழே வைத்தார். இது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது என்றார். அப்போது மேடம் எழுந்து, இளைஞருக்குச் சட்ட உதவி வழங்க அறவாரியம் தயாராக உள்ளது என்றும், அவருடன் பேசச் சிறிது நேரம் வேண்டும் என்றும் கேட்டார். வழக்கு சற்று நேரம் தள்ளிவைக்கப்பட்டது.

“தம்பி, உங்கள் சார்பாக நான் பேசலாமா?” என்று மேடம் அவரிடம் கேட்டது மட்டும்தான் நான் இங்கு எழுதக்கூடியது. அதன்பின் இருவரும் பேசியவை கட்சிக்காரருக்கும் வழக்கறிஞருக்கும் இடையிலான இரகசியம். பயிற்சி மாணவியான என்னையும் அந்த இரகசியம் கட்டுப்படுத்தும். ஆகவே, அனைவரும் கேட்கத் திறந்த நீதிமன்றத்தில் சொல்லப்பட்டவற்றை மட்டுமே இந்த நாட்குறிப்பில் பதிவு செய்கிறேன்.

உணவு இடைவேளையில் மேடத்திடம் ஒரு கேள்வி கேட்டேன். “எடுத்ததை அவரே ஒப்புக்கொள்கிறார்; கேமராவிலும் பதிவாகியிருக்கிறது. அப்படியிருக்க, எதனை மறுக்கிறார்?”

மேடம் தம் முன் இருந்த தேநீர்க் குவளையைக் காட்டினார். “இதை நீ எடுத்துக்கொண்டு போனால் என்ன குற்றம்?”

“திருட்டு” என்றேன். உடனே, “என்னுடையது என்று நினைத்து எடுத்திருந்தால் அது திருட்டாகாது” என்று சேர்த்துக்கொண்டேன்.

“அதுதான் வழக்கு” என்றார் மேடம்.

அவர் விளக்கியதன் சுருக்கம் இது. தண்டனைச் சட்டத்தின் 378ஆவது பிரிவு திருட்டு என்றால் என்ன என்று சொல்கிறது. பொருளை எடுப்பது மட்டும் திருட்டாகாது; நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்திருக்க வேண்டும். பிறர் கையில் உள்ள ஒரு பொருளைத் தன்னுடையது என்று நல்லெண்ணத்துடன் நம்பி ஒருவர் எடுத்தால், அது திருட்டாகாது என்று சட்டமே ஓர் எடுத்துக்காட்டையும் தருகிறது. இளைஞர் கூறியதும் இதே தன்மையுடையது. கைப்பேசியைத் தமக்காக வைத்துக்கொள்ள எடுக்கவில்லை. நண்பனுடையது என்று நம்பி, அவனிடம் கொடுப்பதற்காக எடுத்தேன் என்கிறார். அது உண்மையானால், குற்றத்தின் முக்கியமான ஒரு கூறு இல்லாமல் போகிறது. இரும்பு எடுத்தவரின் ‘ஆனால்’ குற்றத்தை அப்படியே விட்டுவைத்தது. இந்த இளைஞரின் ‘ஆனால்’ குற்றத்தின் அடித்தளத்தையே அசைத்தது.

அப்படியானால் அவர் ஏன் முதலில் “தப்புத்தான்” என்றார்? இதை நான் பிற்பகல் முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நம் பேச்சுத் தமிழில் ‘தப்பு’ என்பது மிகவும் அகலமான சொல். கணக்கில் விடை பிழையாக இருந்தாலும் தப்பு; பேருந்து மாறி ஏறினாலும் தப்பு; கொள்ளையடித்தாலும் தப்பு. கவனக்குறைவையும் குற்றத்தையும் ஒரே சொல்லால் குறித்துவிடுகிறோம். ‘சாலா’ என்ற மலாய்ச் சொல்லும் அப்படித்தான். தேர்வுத் தாளில் தவறான விடைக்கும் ‘சாலா’. நீதிமன்றத்தில் குற்றத்திற்கும் ‘சாலா’. எனவே, மொழிபெயர்ப்பாளர் எவ்வளவு கவனமாக இருந்தாலும், கேட்பவரின் மனத்தில் எந்தப் பொருள் போய் அமர்கிறது என்பதை அவரால் முழுமையாகக் கட்டுப்படுத்த முடியாது. இளைஞர் ஒப்புக்கொண்டது பிழையை. நீதிமன்றம் கேட்டதோ குற்றத்தை. விவரங்கள் வாசிக்கப்பட்ட பிறகுதான் இரண்டுக்கும் இடையிலிருந்த பள்ளம் வெளியே தெரிந்தது.

மாஜிஸ்திரேட் அந்தப் பள்ளத்தைக் கவனிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மேடம் சொன்ன பதில் என்னைத் திடுக்கிட வைத்தது. மாஜிஸ்திரேட் முன்னிலையில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அதன்பேரில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்ட ஒருவர், ‘நான் குற்றம் செய்யவில்லை’ என்று பிறகு மேல்முறையீடு செய்ய முடியாது. தண்டனை அதிகம் என்றோ சட்டத்திற்கு முரணானது என்றோ மட்டும்தான் முறையிடலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 305ஆவது பிரிவு இதனைத் தெளிவாகச் சொல்கிறது. ஒப்புதல் பெறப்பட்ட முறையிலேயே குறை இருந்தால் உயர் நீதிமன்றம் அதைச் சீராய்வு செய்யலாம். ஆனால் அதை யாராவது அங்குக் கொண்டுபோக வேண்டுமே! வழக்கறிஞர் இல்லாத ஒரு லோரி உதவியாளருக்கு அந்த வழியைக் காட்டுவது யார்? அபராதம் கட்டி முடித்த பிறகும், பின்னாளில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தத் தீர்ப்பு அவரைப் பின்தொடரலாம்.

ஒப்புதலை மறுத்ததோடு இளைஞரின் சிக்கல் தீரவில்லை. உண்மையில், அவரது உடனடிச் சிக்கல் அப்போதுதான் தொடங்கியது.

பிற்பகலில் வழக்கு மீண்டும் அழைக்கப்பட்டது. குற்றச்சாட்டு இரண்டாம் முறை வாசிக்கப்பட்டது. இம்முறை அவர் மெதுவாக, “ஒத்துக்கலைங்க; விசாரணை வேணும்” என்றார். விசாரணை என்றால் இன்று முடியாது. அரசுத் தரப்பு ஆவணங்களை ஒப்படைக்க வேண்டும்; சாட்சிகளுக்கு அழைப்பாணை அனுப்ப வேண்டும்; தேதி கிடைக்க வேண்டும். அதுவரை அவர் எங்கே இருப்பார்? பிணை கிடைத்தால் வீட்டில், கிடைக்காவிட்டால் சிறையில். ஒப்புக்கொண்டிருந்தால் அபராதத்தோடு இன்றே வீடு திரும்பியிருக்கவும்கூடும். மறுத்ததால், குற்றம் நிரூபிக்கப்படாமலேயே அவர் பல வாரங்கள் சிறையில் இருக்க நேரலாம். செய்யாத குற்றத்தைச் சிலர் ஏன் ஒப்புக்கொள்கிறார்கள் என்பது எனக்கு அந்தக் கணத்தில்தான் விளங்கியது. இது பாடநூலில் நான் படித்திராத ஒரு கணக்கு.

அதனால் பிணைக்காக நடந்த ஐந்து நிமிட வாதத்தை நான் மிகவும் கூர்ந்து கவனித்தேன். அரசுத் தரப்பு 3,000 ரிங்கிட் கேட்டது. பிணை என்பது தண்டனை அன்று என்றும், குற்றம் சாட்டப்பட்டவர் அடுத்த தேதியில் நீதிமன்றத்திற்கு வருவதை உறுதிசெய்வதே அதன் நோக்கம் என்றும் மேடம் நினைவூட்டினார். இளைஞர் பிறந்தது முதல் ஒரே வீட்டில் தாயாருடன் வசிக்கிறார், நிலையான வேலை இருக்கிறது, முன்குற்றப் பதிவு இல்லை, சம்பளமோ குறைவு. ஆகவே, 1,000 ரிங்கிட் போதும் என்று கேட்டுக்கொண்டார். மாஜிஸ்திரேட் ஒரு பிணையாளியுடன் 1,500 ரிங்கிட் என்று நிர்ணயித்தார். அடுத்த குறிப்பீடு ஒரு மாதம் கழித்து.

இளைஞரின் அக்காள் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். மேடம் தொலைபேசியில் அழைத்து, என்னென்ன ஆவணங்கள் வேண்டும், பணத்தை எப்படிச் செலுத்த வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். நீதிமன்ற முகப்பிடம் மூடுவதற்குள் எல்லாம் முடிய வேண்டும். இல்லையென்றால் இன்றிரவு அவர் சிறைக்குத்தான் அனுப்பப்படுவார். அக்காள் மணி 3.40க்குத் தொழிற்சாலைச் சீருடையிலேயே ஓடி வந்தார். பணத்தில் ஒரு பகுதி, உடன் வேலை செய்பவர்கள் சேர்த்துக் கொடுத்தது என்றார். படிவங்களில் கையெழுத்திட்டு முடித்தபோது நேரம் இருந்தது; ஆனால் அதிகம் இல்லை.

அந்த இளைஞர் சொன்னது உண்மையா? எனக்குத் தெரியாது. மாஜிஸ்திரேட்டுக்கும் தெரியாது. ஒப்புதலை ஏற்க மறுத்ததால் அவர் நிரபராதி என்று ஆகிவிடவில்லை. அவருடைய எண்ணம் நேர்மையற்றது என்பதை அரசுத் தரப்பு நியாயமான சந்தேகத்திற்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான். எண்ணத்தை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. நடத்தையிலிருந்துதான் ஊகிக்க வேண்டும். விசாரணையில் என்னென்ன கேட்கப்படும் என்று மேடம் என்னையே பட்டியலிடச் சொன்னார். கைப்பேசியை எடுக்கும்முன் சுற்றுமுற்றும் பார்த்தாரா? எடுத்தபின் அணைத்தாரா? உரிமையாளர் கூப்பிட்டபோது ஓடினாரா, நின்றாரா? நண்பன் உண்மையில் அந்தப் பேருந்து நிறுத்தத்தில் இருந்தானா? அவனுடைய கைப்பேசி கறுப்பு நிறந்தானா? நண்பன் சாட்சி சொல்ல வருவானா? கேமராப் பதிவு அவருக்கு எதிராகவும் பேசலாம், அவருக்காகவும் பேசலாம். முழுப் பதிவையும் பார்க்காமல் யாரும் முடிவு கட்ட முடியாது.

நான் வழக்கறிஞரானால் கட்சிக்காரரிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்பதற்கு இன்று எனக்கு ஒரு வழி கிடைத்தது. ‘தப்பு செய்தீர்களா?’ என்று கேட்பதில் பயனில்லை. அதற்கு வரும் ‘ஆமாம்’ எதைக் குறிக்கிறது என்று தெரியாது. ‘என்ன செய்தீர்கள்? அப்போது என்ன நினைத்தீர்கள்? அந்தப் பொருள் யாருடையது என்று நம்பினீர்கள்?’ என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். பதிலில் ஓர் ‘ஆனால்’ வந்தால், அது செயலுக்கான காரணமா அல்லது குற்றத்திற்கான மறுப்பா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். காரணமானால் அதைத் தண்டனை முறையீட்டில் வைக்கலாம். மறுப்பானால் ஒப்புக்கொள்ளவே கூடாது.

நாற்பதுக்கும் மேற்பட்ட வழக்குகள் காத்திருந்த ஒரு நாளில், அந்த ஒரு சொல்லுக்காக மாஜிஸ்திரேட் செலவிட்டது ஏறத்தாழக் கால் மணி நேரம். அதனால் பட்டியலில் கடைசியாக இருந்தவர்கள் மாலை மணி 4.30 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவர்களில் ஒருவர் நடைவழியில் சலித்துக்கொண்டார். அவருடைய சலிப்பும் நியாயமானதே. ஆயினும் அவருடைய பெயர் அழைக்கப்பட்டபோது, அவருடைய குற்றச்சாட்டும் முழுவதுமாக, அவருக்குப் புரியும் மொழியில், அதே நிதானத்தோடு வாசிக்கப்பட்டது.

நாளை காலை மணி 8.30க்கு மீண்டும் செல்ல வேண்டும். இளைஞரின் நண்பனைத் தேடிப் பிடித்து வாக்குமூலம் வாங்குவதுதான் முதல் வேலை என்று மேடம் சொல்லியிருக்கிறார்.

கருத்துணர்தல்

1. குற்றம் சாட்டப்பட்டவரின் ஒப்புதலைப் பதிவு செய்வதற்கு முன் மாஜிஸ்திரேட் உறுதிப்படுத்த வேண்டியவை யாவை?

2. இரும்பை எடுத்தவர் கூறிய ‘ஆனால்’, இளைஞர் கூறிய ‘ஆனால்’ ஆகிய இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.

3. செய்யாத குற்றத்தையும் சிலர் ஒப்புக்கொள்ளக்கூடும் என்று மாணவி கருதுவதற்கான காரணம் என்ன?

4. ‘தப்பு’ என்பதைப்போல் பேச்சு வழக்கில் பல பொருள் தரும் வேறொரு தமிழ்ச் சொல்லைக் கூறி, அதனால் ஏற்படக்கூடிய குழப்பத்தை ஒரு சூழலுடன் எழுதுக.

5. நீங்கள் அந்த இளைஞரின் வழக்கறிஞராக இருந்தால், அவருடைய நண்பனிடம் என்னென்ன கேள்விகள் கேட்பீர்கள்? குழுவில் கலந்துரையாடுக.